கையால் வரைந்த வினைவேக வரைபடத்தைச் சரிபார்ப்பது எப்படி: 60-ஆவது வினாடியின் தொடுகோடு வரை

எஸ்பிஎம் வேதியியலில் வினைவேகம் நாலாம் படிவத்து 7-ஆவது பாடம். நான் படித்தபோது அந்தப் பாடத்தின் வரைபடக் கேள்வியில் தொடர்ந்து மதிப்பெண் இழந்தேன். கோடு வரையத் தெரிந்திருந்தது, சூத்திரமும் தெரிந்திருந்தது. ஆனால் வரைந்து முடித்த பிறகு அது சரியா தப்பா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தெரியவில்லை. முன்தேர்வில் 60-ஆவது வினாடியின் வேகத்துக்கு நான் எழுதிய விடை, சரியான விடையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இருந்தது. தாளைத் திருப்பித் தரும்வரை எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

இப்போது சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் சாயங்காலம் கிராப் தாளோடு வீட்டுக்கு வருகிறார்கள். நான் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி கொண்டுவந்த ஒரு வரைபடத்தை இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை சரிபார்த்தோம். அந்த ஒரே வரைபடத்தை வைத்தே கீழே சொல்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு, மாங்கனீஸ்(IV) ஆக்சைடு வினையூக்கியால் சிதைந்து ஆக்சிஜன் வாயுவைத் தருகிறது. வாயுவைத் தலைகீழான பியூரெட்டில் பிடித்து, 30 வினாடிக்கு ஒரு முறை அளவு எடுத்திருக்கிறான். கேள்வி: 60-ஆவது வினாடியில் வினைவேகம் என்ன?

## 1. தொடுகோடு கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள்

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நமக்கு, மலாயில் உள்ள கேள்வியின் சின்னச் சொற்கள்தான் முதல் குழி. ‘பாடா சாஅட் கெ-60’ என்றிருந்தால் அந்த ஒரு கணத்தின் வேகம். அதற்குத்தான் தொடுகோடு. ‘டாலாம் 60 சாஅட் பெர்த்தாமா’ என்றிருந்தால் முதல் 60 வினாடியின் சராசரி. அதற்குத் தொடுகோடு வேண்டாம், அதுவரை வந்த வாயுவை 60-ஆல் வகுத்தால் போதும். ‘டாலாம் மினிட் கெடுவா’ என்றிருந்தால் இரண்டாவது நிமிடத்தின் சராசரி, அதாவது 60-ஆவது வினாடியிலிருந்து 120-ஆவது வினாடிவரை மட்டும்.

இந்த மூன்றும் ஒரே வரைபடத்தில் மூன்று வெவ்வேறு எண்களைத் தரும். தம்பியின் வரைபடத்தில் முதல் 60 வினாடியின் சராசரி 0.40, இரண்டாவது நிமிடத்தின் சராசரி 0.16, 60-ஆவது வினாடியில் மட்டும் ஏறக்குறைய 0.24. முன்தேர்வில் நான் செய்ததும் இதுதான். தொடுகோடு கேட்டிருந்தார்கள், நான் 60-இல் இருந்த அளவை 60-ஆல் வகுத்துவிட்டேன். கேள்வியில் ‘பாடா’வா ‘டாலாம்’மா என்பதை பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## 2. மேசையில் இருக்க வேண்டியவை

கேள்வித்தாள், வரைபடம் இரண்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பியூரெட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிய அந்த முதல் அட்டவணை வேண்டும். கழித்து எழுதிய சுத்தப் பிரதி மட்டும் இருந்தால், பிழை பியூரெட்டில் நடந்ததா, கழித்தலில் நடந்ததா என்று தெரியாது. முடிந்தால் உங்களோடு சோதனை செய்த கூட்டாளியின் நோட்டும் வேண்டும். அது ஏன் என்று மூன்றாவது படியில் தெரியும்.

மற்றபடி, கண்ணாடி போலத் தெரியும் 30 செ.மீ. அடிக்கோல், மூலைமட்டம் ஒன்று, நன்றாகச் சீவிய பென்சில், கால்குலேட்டர், பிறகு கைப்பையில் வைக்கும் சிறிய முகக்கண்ணாடி. அடிக்கோல் ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும். மரக்கோலோ இரும்புக்கோலோ வைத்தால் வளைகோட்டின் பாதி மறைந்துவிடும், தொடுகோடு குருட்டுத்தனமாகத்தான் விழும். கிராப் தாள் கட்டையும் சேர்த்து எனக்குப் பத்து ரிங்கிட்டுக்குள் முடிந்தது. கண்ணாடி வாங்கும்போது விளிம்பில் சட்டம் இல்லாததாக, மெல்லியதாகப் பாருங்கள். தடித்த கண்ணாடியில் கோட்டுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி விழும்.

## 3. வரைபடத்தைத் தொடுமுன் அட்டவணை

தலைகீழான பியூரெட்டில் எண்களும் தலைகீழாக இருக்கும். வாயு மேலே சேரச் சேர நீர்மட்டம் இறங்கும், நாம் படிக்கும் எண்ணும் 50 பக்கத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். அந்த எண் வாயுவின் அளவு இல்லை. தொடக்க அளவிலிருந்து கழித்தால் வருவதுதான் வாயுவின் அளவு. கீழே இறங்கும் வரைபடத்தோடு யாராவது வந்தால், கழிக்காமல் அப்படியே குறித்துவிட்டார்கள் என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம்.

தம்பி எழுதியிருந்தது இது. கடைசிப் பத்தி மட்டும் நாங்கள் சரிபார்க்கும்போது சேர்த்தது. ஒவ்வொரு 30 வினாடியிலும் புதிதாக வந்த வாயு எவ்வளவு என்பதை அது காட்டுகிறது. அளவு எல்லாம் கன சென்டிமீட்டரில்.

| நேரம் (வினாடி) | பியூரெட் அளவு | வாயு | புதிதாக வந்தது |
|---|---|---|---|
| 0 | 48.50 | 0.00 | |
| 30 | 33.70 | 14.80 | 14.80 |
| 60 | 24.35 | 24.15 | 9.35 |
| 90 | 18.50 | 30.00 | 5.85 |
| 120 | 16.80 | 31.70 | 1.70 |
| 150 | 12.45 | 36.05 | 4.35 |
| 180 | 11.00 | 37.50 | 1.45 |
| 210 | 10.05 | 38.45 | 0.95 |
| 240 | 9.50 | 39.00 | 0.55 |

கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். பெராக்சைடு தீரத் தீர வேகம் குறையும், ஆகவே இந்த எண்கள் குறைந்துகொண்டே வர வேண்டும். 14.80, 9.35, 5.85 என்று ஒழுங்காக இறங்கி வருகிறது. திடீரென்று 1.70, அடுத்து 4.35. நின்றுபோன வினை மறுபடியும் வேகமெடுக்காது. அப்படியானால் இந்த இரண்டு எண்ணுக்கும் பொதுவான 120-ஆவது வினாடியின் அளவுதான் கெட்டிருக்கிறது. ஒரு அளவு கெட்டால் அடுத்தடுத்த இரண்டு வித்தியாசங்கள் சேர்ந்து கெடும், ஒன்று குறையும், ஒன்று கூடும். இந்த அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளியின் நோட்டில் அதே வினாடிக்கு 14.80 என்று இருந்தது. அப்படியானால் வாயு 33.70, வித்தியாசங்கள் 3.70, 2.35. ஒழுங்கு திரும்பிவிட்டது. தம்பி அவசரத்தில் 14-ஐ 16 என்று எழுதியிருக்கிறான்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கூட்டாளியின் நோட்டு இருந்ததால்தான் நாங்கள் திருத்தினோம். அப்படி ஒரு ஆதாரம் இல்லாவிட்டால், கோடு அழகாக வர வேண்டும் என்பதற்காக எண்ணை மாற்றக் கூடாது. அந்தப் புள்ளியை அப்படியே குறித்து, சுற்றி ஒரு வட்டம் போட்டு, வளைகோட்டை அதன் வழியாகப் போகாமல் வரைய வேண்டும். அதுதான் நேர்மையான வழி, திருத்துபவர் எதிர்பார்ப்பதும் அதுதான்.

முதல் வித்தியாசம் இரண்டாவதைவிடச் சிறியதாக இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அது எழுத்துப் பிழையாக இல்லாமலும் இருக்கலாம். மக்னீசிய நாடாவும் அமிலமும் வைத்துச் செய்தால், நாடாவின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் கரையும்வரை வாயு மெதுவாகத்தான் வரும். நாடாவைத் தேய்க்காமல் போட்டால் வளைகோட்டின் தொடக்கம் பாய்போல் படுத்திருந்து பிறகு எழும். அந்தப் பகுதிக்கு இந்த ‘குறைந்துகொண்டே வர வேண்டும்’ என்ற விதி பொருந்தாது.

## 4. அச்சும் புள்ளியும்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தம்பி தாளைக் குறுக்காக வைத்து, கிடை அச்சில் ஒரு பெரிய கட்டத்துக்கு 20 வினாடி, நிலை அச்சில் ஒரு பெரிய கட்டத்துக்கு 5 கன சென்டிமீட்டர் என்று எடுத்திருந்தான். பெரிய கட்டம் 2 செ.மீ., அதற்குள் பத்துச் சிறிய கட்டம். அப்படியானால் கிடையாக ஒரு சிறிய கட்டம் 2 வினாடி, நிலையாக ஒரு சிறிய கட்டம் 0.5 கன சென்டிமீட்டர். இந்த இரண்டு எண்ணையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும். ஒரு பெரிய கட்டத்துக்கு 3, 7 என்று எடுத்திருந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வரைவதே மேல். ஒவ்வொரு புள்ளியிலும் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் ஏதாவது ஒன்று தப்பத்தான் செய்யும்.

புள்ளி ஒவ்வொன்றையும் சரிபார்க்க நேரம் இல்லையென்றால், தொடுகோடு வரப்போகும் இடத்தையும் அதன் இரண்டு பக்கத்து அயல் புள்ளிகளையும் மட்டும் பாருங்கள். நமக்கு 30, 60, 90. 60-இல் 24.15 என்றால் 25 கோட்டுக்குக் கீழே ஒன்றரைச் சிறிய கட்டத்துக்குச் சற்று அதிகம். அச்சில் அலகு எழுதியிருக்கிறதா என்பதையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

## 5. வளைகோடு

தொடுகோடு கெட்டுப்போவதற்குப் பாதிக் காரணம் வளைகோடுதான். புள்ளியிலிருந்து புள்ளிக்கு அடிக்கோலால் நேர்க்கோடு இழுத்திருந்தால், 60-இல் ஒரு முனை உருவாகும். முனைக்குத் தொடுகோடு என்று ஒன்று கிடையாது. இடப்பக்கத்துத் துண்டின் சாய்வு 0.31, வலப்பக்கத்துத் துண்டின் சாய்வு 0.20. அதில் எதை எழுதினாலும் தப்புதான்.

இன்னொன்று, தம்பியின் முதல் தாளில் இருந்தது. 31.70 என்ற அந்தக் கெட்ட புள்ளியைத் தொட வேண்டுமென்று கோட்டை அழுத்தி இறக்கியிருந்தான். 120-இல் ஒரு பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளம் அங்கேயே நிற்காமல் 90-க்கு முன்னாலிருந்தே கோட்டைக் கீழே இழுத்துவிட்டது. 60-இல் தொடுகோடு வரைபவர் 120-இல் உள்ள புள்ளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஆனால் கை ஒரே ஓட்டமாகப் போகிறது, தூரத்துப் பிழையும் பக்கத்துக்கு வந்து சேரும்.

சரிபார்க்கும் வழி இது: தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வளைகோட்டின் போக்கிலேயே ஒரு முனையிலிருந்து பாருங்கள், மரத்தச்சர் பலகையின் விளிம்பைப் பார்ப்பதைப் போல. மேலிருந்து பார்க்கும்போது தெரியாத மேடும் பள்ளமும் அப்போது தெரியும். கோடு ஒரே பக்கமாக மட்டும் வளைய வேண்டும். வரையும்போது உங்கள் கை வளைவின் உட்பக்கம் இருக்கும்படி தாளைத் திருப்பி வைத்துக்கொண்டால் கோடு ஒழுங்காக வரும். முதலில் லேசாக இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை அழுத்தி வரைந்து, பழைய தடங்களை அழித்துவிடுங்கள். இரட்டைக் கோடு மிச்சமிருந்தால், தொடுகோடு எந்தக் கோட்டைத் தொடுகிறது என்றே தெரியாமல் போகும்.

## 6. தொடுகோடு

தம்பி 60-இல் தொடுகோடு வரைந்திருந்தான். பார்த்தால் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் எடுத்த முக்கோணத்தின் முனைகள் (30, 14.5), (80, 30.5). சாய்வு 16-ஐ 50-ஆல் வகுத்தால் 0.32. இது சரியா?

முதலில் கண்ணால் பார்க்கக்கூடியது. நம் வளைகோடு மேல்நோக்கிப் போய்ப் படுத்துவிடும் வகை. அப்படிப்பட்ட கோட்டுக்குத் தொடுகோடு, தொடும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வளைகோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும், இடப்பக்கமும் சரி, வலப்பக்கமும் சரி. எங்காவது வளைகோட்டுக்குக் கீழே இறங்கினால் அது வெட்டுகிறது, தொடவில்லை. தம்பியின் கோடு 30-இல் 14.5-இல் இருக்கிறது, வளைகோடு 14.8-இல். கோடு கீழே போய்விட்டது. ஒரு சிறிய கட்டம்கூட இல்லாத வித்தியாசம்தான், ஆனால் விடையை மாற்ற அது போதும்.

அடுத்தது கட்டம் எண்ணுவது. இதுதான் எனக்கு மிகவும் உதவியது. தொடும் இடத்திலிருந்து இருபக்கமும் ஒரே தூரம் தள்ளிப் போங்கள், அங்கே தொடுகோட்டுக்கும் வளைகோட்டுக்கும் நடுவே எத்தனை சிறிய கட்டம் என்று மேல்வாக்கில் எண்ணுங்கள். 15 வினாடி தள்ளி, அதாவது 45-இலும் 75-இலும் பார்த்தால், சரியான தொடுகோட்டில் இரண்டு பக்கமும் ஒரு கட்டத்துக்குச் சற்றுக் குறைவாக, கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். 30 வினாடி தள்ளிப் போனால் இடப்பக்கம் சுமார் 4 கட்டம், வலப்பக்கம் இரண்டரையிலிருந்து மூன்று. இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது பிழை இல்லை, அங்கே வளைவு அதிகம். ஆனால் தம்பியின் கோட்டில் 30 வினாடி தள்ளி இடப்பக்கம் கட்டமே இல்லை, வலப்பக்கம் 7 கட்டம். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் இவ்வளவு விலகினால், கோடு அந்த ஒட்டிய பக்கத்தை நோக்கிச் செங்குத்தாகச் சாய்ந்துவிட்டது என்று பொருள். அடிக்கோலை 60-இன் புள்ளியில் பென்சில் நுனியால் பிடித்து, வலக்கோடியைக் கீழே இறக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது முகக்கண்ணாடியையும் பயன்படுத்திப் பழகுங்கள். கண்ணாடியைத் தாளின் மேல் செங்குத்தாக, வளைகோட்டுக்குக் குறுக்கே, அதன் கீழ்விளிம்பு 60-இன் புள்ளி வழியாகப் போகும்படி நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் வளைகோட்டின் பிம்பம் தெரியும். பெரும்பாலும் உண்மையான கோடும் பிம்பமும் சேரும் இடத்தில் ஒரு உடைவு இருக்கும். கண்ணாடியை அந்தப் புள்ளியிலேயே மெதுவாகத் திருப்புங்கள். உடைவு மறைந்து, கோடு கண்ணாடிக்குள் நுழைந்து இயல்பாகத் தொடர்வதுபோல் தெரியும் ஒரு நிலை வரும். அப்போது நிறுத்தி, கண்ணாடியின் கீழ்விளிம்பை ஒட்டி மெல்லிய கோடு போடுங்கள். இது தொடுகோடு இல்லை! தொடுகோட்டுக்குச் செங்குத்தான கோடு. மூலைமட்டத்தை இதன் மேல் வைத்து 90 பாகையில் இன்னொரு கோடு வரைந்தால் அதுதான் தொடுகோடு. கண்ணாடிக் கோட்டையே தொடுகோடு என்று எடுத்துக்கொண்டு, வேகம் குறைந்துகொண்டு போகிறது என்று எதிர்க்குறியோடு விடை எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பி கண்ணாடியை வைத்து மறுபடியும் வரைந்தபோது கோடு நிலை அச்சை 9.5-இல் வெட்டியது, 120-ஆவது வினாடிக்கு நேரே 38.5-இல் போனது. மறுபடியும் கட்டத்தை எண்ணினோம், பொருந்தியது. இதிலேயே இன்னொரு சோதனையும் இருக்கிறது. தொடுகோட்டை இடப்பக்கம் நீட்டினால், இந்த வகை வளைகோட்டில் அது நிலை அச்சைப் பூஜ்ஜியத்துக்கு மேலேதான் வெட்ட வேண்டும். மூலப்புள்ளி வழியாகப் போனால், நீங்கள் வரைந்திருப்பது சராசரிக் கோடு.

## 7. முக்கோணம்

தொடுகோடு சரியாக இருந்தும் இங்கே கெடுத்துவிடலாம். முக்கோணத்தின் முனைகள் தொடுகோட்டின் மேல் இருக்க வேண்டும், அட்டவணையின் புள்ளிகளில் இல்லை. நாங்கள் எடுத்தவை (0, 9.5), (120, 38.5).

```
சாய்வு = (38.5 − 9.5) ÷ (120 − 0)
       = 29.0 ÷ 120
       = 0.242 cm³ s⁻¹
```

ஏன் இவ்வளவு பெரிய முக்கோணம்? கிராப் தாளில் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அரைச் சிறிய கட்டம் முன்பின் ஆகும், அதாவது 0.25. இரண்டு முனையிலும் எதிரெதிராகத் தவறினால் 0.5. வெறும் 10 வினாடி அகலத்தில் முக்கோணம் போட்டால் ஏற்றமே 2.4 தான், அதில் 0.5 என்பது ஐந்தில் ஒரு பங்கு. 120 வினாடி அகலத்தில் ஏற்றம் 29, அதே 0.5 அங்கே நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. தம்பியின் பழைய முக்கோணம் 50 வினாடி அகலம்தான். தொடுகோட்டைத் தாளின் பாதிக்கு மேல் நீளும்படி வரைந்து, அதன் இரண்டு கோடிக்கும் அருகே முனைகளை எடுங்கள். கோடு தடித்த கட்டக்கோட்டை வெட்டும் இடமாகப் பார்த்து எடுத்தால் படிப்பது எளிது.

கட்டத்தை எண்ணி வகுத்துவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. மேலே 58 சிறிய கட்டம், குறுக்கே 60 சிறிய கட்டம், விடை 0.97 என்று எழுதுவார்கள். அது தாளின் சாய்வு, வினையின் வேகம் இல்லை. கட்டத்தை அளவாக மாற்றிய பிறகுதான் வகுக்க வேண்டும். ஓரத்தில் எழுதி வைக்கச் சொன்ன 2-உம் 0.5-உம் இதற்குத்தான்.

அலகை மறக்காதீர்கள். மேலே கன சென்டிமீட்டர், கீழே வினாடி. வரைபடம் நிமிடத்தில் இருந்தால் cm³ min⁻¹.

## 8. விடையை அட்டவணையோடு வைத்துப் பாருங்கள்

வரைபடத்தைப் பார்க்காமலேயே, அட்டவணையை மட்டும் வைத்துத் தொடுகோட்டைச் சோதிக்கலாம். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை, மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது. தெரிந்திருந்தால் அந்த முன்தேர்வுத் தாளில் ஒரு நிமிடத்தில் என் பிழையைப் பிடித்திருப்பேன்.

வேகம் குறைந்துகொண்டே போகும் வினையில், 60-ஆவது வினாடியின் வேகம் அதற்கு முந்தைய 30 வினாடியின் சராசரியைவிடக் குறைவாகவும், அடுத்த 30 வினாடியின் சராசரியைவிட அதிகமாகவும் இருந்தே ஆக வேண்டும். அட்டவணையின் கடைசிப் பத்தி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

```
30 – 60:  9.35 ÷ 30 = 0.312
60 – 90:  5.85 ÷ 30 = 0.195
```

விடை இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே விழ வேண்டும். தம்பியின் முதல் விடை 0.32, வெளியே. என் பழைய வழியில் வரும் 0.40, வெளியே. கட்டத்தை எண்ணி வகுத்த 0.97, எங்கோ இருக்கிறது. இரண்டாவது தடவை வந்த 0.242, உள்ளே.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க, 30-இலிருந்து 90-வரை ஒரே வீச்சாக எடுங்கள்: 30.00-இலிருந்து 14.80-ஐக் கழித்து 60-ஆல் வகுத்தால் 0.253. இது தொடுகோட்டின் சாய்வுக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் இந்த வினையில் எப்போதும் ஒரு சிறிது கூடுதலாகவே வரும், ஏனென்றால் இடப்பக்கத்து வளைவு அதிகம். ஆகவே 0.253-க்குச் சற்றுக் கீழே, 0.24 அல்லது 0.25 என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 0.21 என்று வந்தால், எல்லைக்குள் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஆறாவது படிக்குத் திரும்புங்கள், கோடு படுத்துவிட்டிருக்கும்.

இந்த 0.253-ஐயே விடையாக எழுதிவிடலாமே என்று தம்பி கேட்டான். கூடாது. கேள்வி தொடுகோட்டைத்தான் கேட்கிறது, தாளில் கோடும் முக்கோணமும் தெரிய வேண்டும். இது உங்கள் விடையைச் சோதிக்கும் எண், விடை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. 90-இல் அளவு தப்பாக இருந்தால் இந்த எண்ணும் அதோடு சேர்ந்து கெடும், ஒழுங்கான வளைகோடு அந்தப் பிழையைக் கொஞ்சமாவது தாங்கிக்கொள்ளும். அதனால்தான் மூன்றாவது படியைத் தாண்டாமல் எட்டாவது படிக்கு வரக் கூடாது என்கிறேன்.

## 9. நேரக் கணக்கு

முதல் தடவை எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாலைந்து வரைபடம் செய்த பிறகு, வரைந்து முடித்த தாளைச் சரிபார்க்கத் தம்பிக்குப் பத்து நிமிடம் போதுமானதாகிவிட்டது. கேள்வியும் அட்டவணையும் மூன்று நிமிடம், வளைகோடு இரண்டு, தொடுகோடு மூன்று, கணக்கு இரண்டு.

தேர்வில் பத்து நிமிடம் கிடைக்காது. அப்போது இரண்டை மட்டும் விடாதீர்கள். வரைவதற்கு முன் வித்தியாசப் பத்தி, எழுதிய பிறகு எட்டாவது படியின் இரண்டு வகுத்தல். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடம்தான். கண்ணாடியைத் தேர்வு அறைக்குக் கொண்டுபோக முடியும் என்று நம்பி இருக்காதீர்கள். வீட்டில் கண்ணாடியால் பத்துத் தடவை பழகினால், அடிக்கோலை வைக்கும்போதே கண்ணுக்குச் சரியான சாய்வு பிடிபட்டுவிடும். தேர்வில் அடிக்கோலும் கட்டம் எண்ணுவதும் போதும்.

## 10. தொடக்க வேகம் கேட்டால்

0-ஆவது வினாடியின் வேகம் கேட்டால் எட்டாவது படியின் சோதனை பாதிதான் வேலை செய்யும், இடப்பக்கம் எதுவும் இல்லையே. முதல் 30 வினாடியின் சராசரி 14.80-ஐ 30-ஆல் வகுத்து 0.493. தொடக்க வேகம் இதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. எவ்வளவு அதிகம் என்று அட்டவணை சொல்லாது. தம்பியின் வளைகோட்டில் 0.6-க்குப் பக்கத்தில் வந்தது. இந்தத் தொடுகோடு மூலப்புள்ளி வழியாகத்தான் போகும், தொடும் இடமே அதுதானே. ஆனால் அது 30-இன் புள்ளிக்கு மேலே விலகிப் போக வேண்டும். அந்தப் புள்ளியையும் தொட்டால், சாய்வு 0.493 ஆகிவிடும், மறுபடியும் சராசரிக் கோடுதான்.

சோதனை உங்கள் கையில் இருந்தால், முதல் நிமிடத்தில் மட்டும் 10 அல்லது 15 வினாடிக்கு ஒரு முறை அளவு எடுங்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுக்க, ஒருவர் பியூரெட்டைப் படிக்க, ஒருவர் எழுத வேண்டும். மூன்று பேர் இல்லாமல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

பழகிப் பார்க்க, திருத்திய அட்டவணையை வைத்து 120-ஆவது வினாடிக்கு நீங்களே ஒரு தொடுகோடு வரையுங்கள். எல்லைகள் 0.123-உம் 0.078-உம். 90-இலிருந்து 150-வரையிலான வீச்சு 0.101. உங்கள் விடை 0.10-ஐ ஒட்டி, அதற்குச் சற்றே கீழே வர வேண்டும்.